சேனல் தொடங்க எந்தத் தலைப்பு? கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். யூடியூப் சேனல் தொடங்கப் போகிறவர்கள் மைக், கேமரா பற்றி விசாரிக்க வருவார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு "எதைப் பத்திப் போடறது" என்பதில் வந்து நின்றுவிடும். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே சேர்த்திருக்கிறேன்.

நிச், நிச்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்னத்தைங்க?

எதைப் பற்றி, யாருக்காக என்ற இரண்டும் சேர்ந்தது. "விவசாயம்" என்றால் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். "பொள்ளாச்சிப் பக்கம் ரெண்டு மூணு ஏக்கர் தென்னை வெச்சிருக்கறவருக்கு, வெள்ளை ஈ விழுந்தா என்ன செய்யறதுன்னு சொல்ற சேனல்" என்றால்தான் முழுசு.

அந்த "யாருக்காக" தான் முக்கியம். யூடியூப் ஒவ்வொரு ஆளும் முன்பு எதைப் பார்த்தார் என்பதை வைத்துத்தான் அடுத்ததைக் காட்டுகிறது. வெள்ளை ஈ வீடியோ பார்த்தவருக்கு உங்கள் அடுத்த வீடியோவையும் காட்டிப் பார்க்கும். அது கோயமுத்தூர் பிரியாணிக் கடை வீடியோவாக இருந்தால் அவர் தொடமாட்டார். புதுச் சேனலுக்கு இருப்பதே கொஞ்சம் பேர்தான். அவர்களும் தொடவில்லை என்றால் மேற்கொண்டு காட்ட யூடியூபுக்குக் காரணம் இல்லை.

எனக்குப் புடிச்சதைப் போட்டாப் போதாதுங்களா?

பிடித்திருப்பது வேண்டும்தான், ஆனால் எந்த வகையில் பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்க்கப் பிடிப்பது வேறு, அதைப் பற்றி வாரம் ஒருமுறை பேசப் பிடிப்பது வேறு. கிரிக்கெட் பார்க்கப் பிடித்தவர் எல்லோரும் கிரிக்கெட்டை அலசுகிறவர்கள் இல்லை.

இதற்கு நான் ஒரு சோதனை வைப்பேன். ஒரு தாளை எடுத்து, எதையும் தேடாமல், அந்தத் தலைப்பில் முப்பது வீடியோவுக்குப் பெயர் எழுதுங்கள். "மாடு பற்றி" என்று எழுதக் கூடாது. "சினை மாட்டுக்கு எட்டாம் மாசம் ஏன் பாலை வற்ற விடோணும்" என்கிற அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். பன்னிரண்டில் பேனா நின்றுவிட்டால் அது உங்களுக்கு ரசனை மட்டும்தான். எழுதிய பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரில், அதைப் படம் எடுக்கத் தேவையான பொருளும் இடமும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று குறியுங்கள். ஆசை இருந்தும் சேனல் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எனக்கு எதுலயும் பெருசா இன்ட்ரஸ்ட் இல்லீங்ணா. வேலைக்குப் போறேன், வர்றேன், அவ்வளவுதான்.

உங்களுக்குப் போன் செய்து மற்றவர்கள் எதைக் கேட்கிறார்கள்? திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருப்பவரிடம் துணி ஜிஎஸ்எம் பற்றிக் கேட்பார்கள். சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவரிடம் பழைய தறி வாங்கலாமா என்று கேட்பார்கள். வேலை அலுத்திருக்கலாம். ஆனால் அந்த வேலையில் யாராவது தப்பாகச் செய்தால் "அப்படி இல்லீங்க" என்று வாய் திறப்பீர்கள் அல்லவா, அதுவே போதும். முப்பது பெயர் சோதனையை அதில் செய்து பாருங்கள்.

ஆளுக இதைத் தேடறாங்களான்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது?

குரோமில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து, லாகின் செய்யாமல் யூடியூபுக்குப் போங்கள். லாகினோடு பார்த்தால் நீங்கள் ஏற்கனவே பார்த்தவற்றின் சாயல் விழும். தேடல் பெட்டியில் தலைப்பின் முதல் சொல்லை மட்டும் தட்டி, என்டர் அழுத்தாமல் நில்லுங்கள். கீழே விழும் பரிந்துரைகள் மற்றவர்கள் தேடியதிலிருந்து வருபவை. தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் தமிழாக ஒருமுறை, இரண்டையும் கலந்து ஒருமுறை என்று மூன்று விதமாகவும் தட்டுங்கள். நம் ஆட்கள் பாதிப்பேர் `motor repair tamil` என்றுதான் தட்டுகிறார்கள். தமிழ் எழுத்தில் மட்டும் பார்த்துவிட்டு "யாரும் தேடறதில்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து கூகுள் ட்ரெண்ட்ஸ். இடத்தைத் தமிழ்நாடு என்று வைத்து, "Web Search" என்று இருப்பதை "YouTube Search" என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கூகுளில் தேடியதைத்தான் காட்டும். காலத்தை ஐந்து வருடம் என்று வையுங்கள். கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா, வருடா வருடம் ஒரே மாதத்தில் எழும்புகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதில் தெரியும் 100 என்பது நூறு பேர் தேடினார்கள் என்று பொருள்படாது. அந்தக் கால அளவில் உச்சமாகத் தேடப்பட்ட சமயத்தை 100 என்று வைத்து, மற்றதை அதற்கு ஒப்பிட்டுக் காட்டுகிறது. அதனால் ஒரே ஒரு சொல்லைப் போட்டால் கோட்டின் போக்கு தெரியும், தேடல் எவ்வளவு பெரிது என்று தெரியாது. இரண்டு மூன்று தலைப்பைச் சேர்த்துப் போட்டால்தான் எது பெரிது என்று தெரியும்.

ட்ரெண்ட்ஸ்ல கோடே வரலீங்க. அப்ப யாருமே தேடலைன்னு அர்த்தமா?

இல்லை. தேடல் குறைவாக இருந்தால் அது காட்டாது, அவ்வளவுதான். "சென்னிமலை பெட்ஷீட்" மாதிரி குறுகலான சொல்லுக்குக் கோடு வராமல் போகலாம். அதற்கு ஒரு படி மேலே உள்ள பொதுச் சொல்லைப் போட்டுப் பாருங்கள். தவிர, யூடியூபில் எல்லாப் பார்வையும் தேடலில் இருந்து வருவதில்லை. யாரும் தேடாத வீடியோவும் முகப்பில் காட்டப்பட்டு ஓடும். பழுது, விலை, செய்முறை போன்றவை தேடி வரும். பயணம், கதை, வேடிக்கை ஆகியவை முகப்பில் பார்த்துத் தொடப்படும். உங்கள் தலைப்பு இரண்டாம் வகை என்றால் ட்ரெண்ட்ஸை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

நான் நெனைச்சதை ஏற்கனவே நெம்பப் பேரு போட்டுட்டாங்களே, இனி நான் போட்டு என்னாகப் போகுது?

நிறையப் பேர் போட்டிருப்பது நல்ல அடையாளம். பார்க்க ஆள் இருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. போட்டியை எண்ணிக்கையால் அளக்க வேண்டாம். தேடல் முடிவின் முதல் பக்கத்தில் உள்ள வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, வந்த பார்வையையும் அந்தச் சேனலின் சந்தாதாரர் எண்ணிக்கையையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாயிரம் சந்தாதாரர் உள்ள சேனலில் முப்பதாயிரம் பார்வை போன வீடியோ இருந்தால், அதைச் சேனலின் பெயர் இழுக்கவில்லை, தலைப்புதான் இழுத்திருக்கிறது. அப்படி இரண்டு மூன்று சிறிய சேனல்கள் கிடைத்தால் உங்களுக்கும் இடம் இருக்கிறது. முதல் பக்கம் முழுக்க லட்சக்கணக்கில் சந்தாதாரர் உள்ள சேனல்களாக இருந்து, சிறியவை எல்லாம் நூறு பார்வையில் கிடந்தால் அந்தச் சொல்லில் போய் முட்ட வேண்டாம்.

வீடியோ வந்த தேதியையும் பாருங்கள். நான்கு வருடத்துக்கு முன் ஓடியது இன்றைக்கும் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கடந்த ஆறேழு மாதத்தில் வந்த சிறிய சேனலின் வீடியோதான் நம்பத்தக்க சான்று.

அதன் பிறகு கமென்ட்டுகள். யாரும் சொல்லித் தராத வேலை இது. "அண்ணா, எங்க வீட்ல இப்படி ஆகுது, என்ன பண்றது?" என்று ஒரே மாதிரிக் கேள்வி பல வீடியோக்களின் கீழ் பதில் இல்லாமல் கிடக்கும். வீடியோ இருக்கிறது, பதில் இல்லை என்று அர்த்தம். அந்தக் கேள்விகளை அப்படியே நோட்டில் எழுதி வையுங்கள். முதல் பத்து வீடியோவுக்கான பெயர்கள் அங்கேயே கிடைத்துவிடும்.

யாருமே போடாத தலைப்பு ஒண்ணு கெடைச்சிருக்குதுங்க. போட்டியே இல்லை. லக்குதானுங்களே?

சந்தேகப்படுங்கள். காலியாக இருப்பதற்குக் காரணம் இருக்கும். ஒன்று, தேடுகிறவர் இல்லை. இல்லாவிட்டால் போட்டவர்கள் நிலைக்கவில்லை.

சேவல் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் சமயத்தில் கரூர் மாவட்டம் பூலாம்வலசுக்குத் திரளும் கூட்டத்தைப் பார்த்தவர் யாரும் ஆர்வலர் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் விலங்குகளை, பறவைகளை மனிதர்கள் சண்டைக்கு விடும் காட்சிகளை யூடியூப் விதி அனுமதிப்பதில்லை. வீடியோ நீக்கப்படும், திரும்பத் திரும்பப் போட்டால் சேனலே போகும். கோழி வளர்ப்பு, சேவல் ரகம், தீவனம், நோய் என்றால் அது வேறு சேனல். அதற்கு மேலே சொன்னபடி தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சூலூர்ப் பக்கம் மோட்டார் காயில் கட்டற பட்டறையில வேலைங்க. மனசுல மூணு இருக்குது: கொங்குச் சமையல், காங்கேயம் மாடு, மோட்டார். எதைங்க எடுக்கறது?

இந்தக் கேள்வியோடு வந்தவருடன் உட்கார்ந்து பார்த்ததை விரிவாகச் சொல்கிறேன். அவர் மனசு மாட்டில் இருந்தது. சமையல் நன்றாக ஓடும் என்று யாரோ சொன்னதால் பட்டியலில் சேர்த்திருந்தார். மோட்டாரைக் கடைசியாக, அலுப்போடு சொன்னார்.

சமையலை முதலில் எடுத்தோம். அரிசி பருப்பு சாதம், சந்தகை, ஒப்புட்டு, பள்ளிபாளையம் சிக்கன் என்று ஒவ்வொன்றாகத் தட்டினால் தேடல் தாராளமாக இருந்தது. முதல் பக்கமோ முழுக்கப் பெரிய சேனல்கள். ஒரு நல்ல சமையல் வீடியோ வந்துவிட்டால் அரிசி பருப்பு சாதத்தில் அதற்கு மேல் பதில் சொல்ல என்ன மிச்சம்? கமென்ட்டிலும் "சூப்பர் அக்கா" தான் இருந்தது, பதில் இல்லாத கேள்வி இல்லை. அவருக்குச் சமைக்கவும் பெரிதாக வராது. முப்பது பெயரில் ஒன்பதுதான் எழுதினார்.

மாட்டில் முப்பது பெயரும் கடகடவென்று வந்தன. தேடலும் இருந்தது, சிறிய சேனல்களும் ஓடிக்கொண்டிருந்தன. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நன்றாக ஓடியவை எல்லாம் விற்பனைக்கு உள்ள மாடு, விலை, போன் நம்பர் என்ற வகை. அதற்கு வாரா வாரம் சந்தைக்கும் தொழுவத்துக்கும் போக வேண்டும். இவருக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு, சொந்தமாக மாடும் கிடையாது. கண்ணபுரம் மாட்டுச் சந்தை வருடத்துக்கு ஒருமுறை, அதை நம்பிச் சேனல் நடத்த முடியாது. போதாக்குறைக்கு, வீடியோ பார்த்து மாடு வாங்கி ஏமாந்தவர் சேனல்காரரைத்தான் பிடிப்பார்.

மோட்டாருக்கு வந்தோம். காயில் கட்டுவதைக் காட்டும் வீடியோக்கள் நிறைய இருந்தன. பெரும்பாலானவை இந்தி. தமிழில் இருந்தவை மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்குச் சொல்வது போல இருந்தன. கமென்ட்டுகளில் கேட்டவர்களோ மெக்கானிக்குகள் இல்லை. தோட்டத்துக்காரர்கள், வீட்டுக்காரர்கள். "ஸ்விட்ச் போட்டா உம்முனு சத்தம் வருது, ஓடமாட்டேங்குது", "மோட்டார் ஓடுது, தண்ணி வரலை", "ஓடி அஞ்சு நிமிஷத்துல ட்ரிப் ஆகுது". ஒவ்வொன்றையும் வாசிக்க வாசிக்க இவர் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்: முதலாவதுக்கு ஓல்டேஜைப் பாருங்க, அப்புறம் பேனல் போர்டில் கண்டென்சர், அப்புறம்தான் மோட்டார் ஜாம் ஆகியிருக்கான்னு பார்க்கோணும். அவருக்கு அலுத்துப்போனது காயில் கட்டுவதுதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதில் அலுப்பே இல்லை.

அதனால் நாங்கள் எழுதிக்கொண்டது "மோட்டார் ரிப்பேர்" என்று அல்ல. "மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் தோட்டத்துக்காரர் தானே பார்க்க வேண்டியது" என்று. பொருள் எல்லாம் பட்டறையிலேயே கிடக்கிறது. எரிந்த காயில், வெடித்த கண்டென்சர், தேய்ந்த புஷ் என்று தினம் ஒன்று வருகிறது. பட்டறை முதலாளியிடம் அனுமதி கேட்க வேண்டியது மட்டும் பாக்கி. கரண்ட் விஷயம் என்பதால் ஒரு கட்டுப்பாடும் வைத்தோம்: மெயினை அணைப்பதைக் காட்டாமல் எந்த வீடியோவும் தொடங்கக் கூடாது, அணைத்த பிறகும் கண்டென்சரில் கரண்ட் தங்கியிருக்கும் என்பதைச் சொல்லாமல் பேனலைத் திறக்கக் கூடாது.

குறையும் உண்டு. இந்தத் தேடல் கோடையில் கிணற்றுத் தண்ணீர் கீழே போகும்போது ஏறி, மழைக் காலத்தில் தணியும். ஐப்பசியில் தொடங்கிவிட்டுப் பார்வை வரவில்லை என்று மனம் விடக் கூடாது. மாசிக்குள் பத்துப் பதினைந்து வீடியோ போட்டு வைத்திருந்தால் கோடைத் தேடலுக்குச் சரியாக இருக்கும்.

ஆர்வம், தேவை, போட்டின்னு மூணுக்கும் மார்க் போட்டுக் கூட்டிப் பாத்தா ஆகாதுங்களா?

கூட்டினால் ஏமாற்றும். மேலே சொன்னவர் மாட்டுக்கு ஆர்வத்தில் பத்து, தேவையில் எட்டு, போட்டியில் ஆறு என்று போட்டு 24 வாங்கியிருப்பார். மோட்டாருக்கு அதைவிடக் குறைவாகத்தான் வந்திருக்கும். ஆனால் படம் எடுக்க மாடே இல்லை என்பதை எந்த மார்க்கும் காட்டியிருக்காது. எந்த ஒன்று மிகவும் மோசமாக இருக்கிறது என்று தேடுங்கள். அதைச் சரிசெய்ய வழி இல்லை என்றால் மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தத் தலைப்பை விட்டுவிடுங்கள். போட்டி அதிகம் என்றால் ஆளைக் குறுக்கிச் சரிசெய்யலாம். தேவை குறைவு என்றால் ஓரளவு விரிக்கலாம். ஆர்வம் இல்லாததை மட்டும் சரிசெய்ய எனக்கு வழி தெரியவில்லை.

எந்தத் தலைப்புல காசு ஜாஸ்தி வரும்ணு மொதல்ல சொல்லுங்க சாமி.

பணம், கடன், தொழில், மென்பொருள் போன்றவற்றுக்கு விளம்பரதாரர்கள் அதிகம் கொடுப்பார்கள் என்பது உண்மைதான். அதைக் கேட்டுவிட்டு ஷேர் மார்க்கெட் சேனல் தொடங்கப் பார்க்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பங்கை வாங்கு, அதை விற்று விடு என்று ஆலோசனை சொல்ல செபியிடம் பதிவு வேண்டும்.

யூடியூபின் விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1000 சந்தாதாரர், அதோடு கடந்த 12 மாதத்தில் 4000 மணிநேரப் பார்வை வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸில் ஒரு கோடிப் பார்வை. ஷார்ட்ஸ் வரிசையில் பார்த்த நேரம் இந்த 4000-இல் சேராது. 4000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக மூன்று நிமிடம் பார்க்கிறார் என்று வைத்தால் 80,000 பார்வை. வருடத்தில் 40 வீடியோ போட்டால் ஒவ்வொன்றுக்கும் சராசரி 2000 பார்வை. இந்த 2000 என்ற எண்ணை வைத்துக்கொண்டு, உங்கள் தலைப்பில் உள்ள சிறிய சேனல்களைப் பாருங்கள். அவர்களின் நடுத்தரமான வீடியோ அதை எட்டுகிறதா? ஓடிய ஒன்றைப் பார்க்காதீர்கள், நடுவில் கிடப்பதைப் பாருங்கள்.

எட்டவில்லை என்றாலும், உங்களுக்குத் தொழில் இருந்தால் கணக்கு மாறும். பவானி ஜமக்காளம் விற்கிறவருக்கு 300 பேர் பார்த்து அதில் நான்கு பேர் போன் செய்தாலே விளம்பரக் காசைவிட அதிகம் கிடைக்கலாம்.

நம்ம பேச்சுலயே, நம்ம ஊரு பேரைச் சொல்லிப் போட்டா நம்மாளுக மட்டும்தானே பாப்பாங்க?

பேச்சு தடை இல்லை. "ஏனுங்க" என்று தொடங்குவதால் மதுரைக்காரர் வீடியோவை மூடிவிட்டுப் போவதில்லை. ஊர்ப்பேர்தான் யோசிக்க வேண்டியது. மோட்டார் பழுது கோவைக்கும் தேனிக்கும் ஒன்றுதான், அங்கே ஊர்ப்பேரை வீடியோவின் பெயரில் போட்டால் ஆளைக் குறைத்துக்கொள்கிறீர்கள். மஞ்சள் விலை என்றால் ஈரோடு, பெருந்துறை என்று சொல்லியே ஆக வேண்டும், தேடுகிறவர் அதைத்தான் தட்டுவார். பதில் இடத்துக்கு இடம் மாறுமானால் ஊரைப் போடுங்கள், மாறாது என்றால் போடாதீர்கள்.

எத்தனை வீடியோ போட்டுப் பாத்துட்டு, ஆகலைன்னு முடிவு பண்றதுங்க?

நான் சொல்வது ஒரே ஆளுக்கான பதினைந்து வீடியோ. தலைப்புக்கு ஒன்றாகப் பதினைந்து தலைப்பில் போட்டால் அது எதையும் சொல்லாது.

பிறகு யூடியூப் ஸ்டூடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் மூன்றைப் பாருங்கள். எத்தனை முறை காட்டப்பட்டது, காட்டியதில் எத்தனை பேர் தொட்டார்கள், தொட்டவர்கள் எவ்வளவு நேரம் இருந்தார்கள். காட்டப்பட்டதே குறைவு, தேடலிலிருந்தும் யாரும் வரவில்லை என்றால் தேவையைத் தப்பாகக் கணித்திருக்கிறீர்கள். இல்லாவிட்டால் ஆட்கள் தட்டும் சொல் உங்கள் வீடியோவின் பெயரில் இல்லை. காட்டப்பட்டும் தொடவில்லை என்றால் பக்கத்தில் உள்ள வீடியோக்கள் உங்களை மறைக்கின்றன. தம்ப்நெயிலையும் பெயரையும் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் நிச்சைக் குறை சொல்ல வேண்டும். தொட்டவர்கள் முதல் அரை நிமிடத்தில் போய்விடுகிறார்கள் என்றால் தலைப்பில் குற்றம் இல்லை, வணக்கம் சொல்லி ஊர்க்கதை பேசியது போதும் என்று பொருள்.

மாத்தறதுன்னா இதே சேனல்ல மாத்தறதா, புதுசா ஒண்ணு தொறக்கறதா?

பழைய சந்தாதாரர் புது வீடியோவையும் பார்ப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டாரிலிருந்து சொட்டுநீர்க் குழாய்க்குப் போனால் அதே தோட்டத்துக்காரர்தான் பார்க்கப் போகிறார், இதிலேயே போடுங்கள். மோட்டாரிலிருந்து மாட்டுக்குப் போனால்? அதே ஆளே மாடும் வைத்திருக்கலாம் என்பதால் இங்கே சிலர் தடுமாறுவார்கள். இரண்டு மூன்று மாட்டு வீடியோ போட்டு, முதல் நாள் பார்வை வழக்கத்தை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். பாதிக்கும் கீழே போனால் புதுச் சேனல் திறந்துவிடுங்கள். நூறு இருநூறு சந்தாதாரரை விட்டுப் போவதற்கு யோசிக்க வேண்டியதில்லை.